இருபத்தைந்து லட்சம் என்பது உச்சவரம்பு, உரிமைத் தொகை அல்ல

"மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 1991 நவம்பர் 2 அன்று சேர்ந்து, 2025 ஜூன் 30 அன்று 58 வயதில் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டியாக 13,07,692 ரூபாயும், 290 நாள் லீவுக்கு 6,38,000 ரூபாயும் போட்டு, அதிலிருந்து 65,607 ரூபாயை வருமான வரி என்று பிடித்துவிட்டார்கள். என் மச்சான் பெரம்பூர் லோகோவில் ஓய்வு பெற்றபோது ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை. கிராஜுவிட்டிக்கு 20 லட்சம், லீவ் பணத்துக்கு 25 லட்சம் வரை வரி கிடையாது என்று நானும் செய்தியில் பார்த்தேன். எனக்கு வந்தது இரண்டுமே அதற்குக் கீழேதான். கணக்குப் பிரிவில் கேட்டால் 'ரூல்படிதான் பிடித்திருக்கிறோம்' என்கிறார்கள். 2014இல் மகள் கல்யாணத்துக்காக 60 நாள் லீவை சரண்டர் செய்தபோதும் வரி பிடித்தார்கள். இந்தப் பணமெல்லாம் திரும்பக் கிடைக்குமா? செட்டில்மென்ட் தாளையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன்."
— திருவொற்றியூர் வாசகர்

ஐயா, நீங்கள் அனுப்பிய செட்டில்மென்ட் தாளை வரி வரியாகப் பார்த்தேன். அதில் அலுவலகம் ஒரு இடத்தில் தவறு செய்திருக்கிறது, ஒரு இடத்தில் சரியாகச் செய்திருக்கிறது. இரண்டையும்விடப் பெரிய விஷயமான மூன்றாவது ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆனால் அலுவலகம் செய்த தவறு நீங்கள் நினைக்கும் தவறு அல்ல என்பதால், கொஞ்சம் பொறுமையாக வரிசைப்படி பார்ப்போம்.

முதலில் உங்கள் மச்சானை விட்டுவிடுங்கள். ரயில்வே ஊழியர் மத்திய அரசு ஊழியர். மத்திய, மாநில அரசு ஊழியர்கள் ஓய்வின்போது பெறும் பணிக்கொடைக்கும் விடுப்புப் பணத்துக்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும் முழு விலக்கு உண்டு. அவர் கணக்கில் சூத்திரமே கிடையாது. ஆகவே அவரோடு ஒப்பிட்டு உங்கள் தொகையைச் சரிபார்க்க முடியாது. இந்தச் சலுகை அரசு ஊழியருக்கு மட்டுமே உரியது, அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் ஊழியருக்கு அல்ல. மணலியிலேயே பொதுத்துறை நிறுவனமொன்றில் ஓய்வு பெற்று, 'நாங்களும் கவர்ன்மென்ட்தானே' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் சிலர் உண்டு. வரிச் சட்டம் அவர்களை உங்கள் வரிசையில்தான் நிறுத்துகிறது.

அடுத்து, அந்த 20 லட்சமும் 25 லட்சமும். இவை உங்களுக்குக் கிடைக்கக்கூடிய விலக்கின் அளவு அல்ல, விலக்கு எந்தக் கணக்கில் வந்தாலும் அதற்கு மேல் போகக்கூடாது என்னும் உச்சவரம்பு. சட்டம் சில தொகைகளை வரிசையாகக் கணக்கிடச் சொல்லி, அவற்றில் எது குறைவோ அதற்கே விலக்கு தருகிறது. உச்சவரம்பு அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். உங்களைப் போன்ற சம்பளக்காரர் பெரும்பாலோருக்கு விலக்கை நிர்ணயிப்பது அந்தப் பெரிய எண் அல்ல, மற்ற சிறிய எண்கள். செய்தியில் வருவது பெரிய எண் மட்டும் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பணிக்கொடை: அலுவலகம் போட்டது சரி

உங்கள் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய பேசிக்கையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான பணிக்கொடை. உங்கள் ஜூன் மாதச் சம்பளச் சீட்டில் இந்த இரண்டும் சேர்ந்து 50,000 ரூபாய். நீங்கள் வேலை பார்த்தது 33 ஆண்டும் ஏழு மாதத்துக்கு மேலும். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் சேரும் என்பதால் 34 ஆண்டு. ஆக 50,000 × 15 ÷ 26 × 34 என்று போட்டால் 9,80,769 ரூபாய் வருகிறது.

ஆனால் உங்களுக்கு வந்தது 13,07,692. இது எப்படி என்று பார்த்தால், உங்கள் தொழிற்சங்கம் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 15 நாளுக்குப் பதில் 20 நாள் என்று வாங்கியிருக்கிறார்கள். சட்டம் சொல்வதைவிட அதிகமாகத் தருவதைப் பணிக்கொடைச் சட்டம் தடுப்பதில்லை, நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 10(10) பிரிவு, பணிக்கொடைச் சட்டத்தின் சூத்திரப்படி வரும் தொகைக்கு மட்டுமே விலக்கு தருகிறது. கைக்கு வந்த தொகை, சூத்திரத் தொகை, 20 லட்சம் ஆகிய மூன்றில் குறைவானது 9,80,769. அந்த ஐந்து நாள் கூடுதல் தந்த 3,26,923 ரூபாய் சம்பள வருமானமாகிவிடுகிறது. 'கிராஜுவிட்டி' என்ற தலைப்பில் தந்ததாலேயே அது வரி விலக்குப் பெறாது. உங்கள் அலுவலகம் இதைச் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது.

விடுப்புப் பணம்: தவறு இங்கேதான்

தாளில் விடுப்புப் பணத்துக்கு நேராக 'விலக்கு 3,00,000' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. 3 லட்சம் என்பது பழைய உச்சவரம்பு. அது 25 லட்சமாக உயர்த்தப்பட்டது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தின் சம்பள மென்பொருளில் யாரும் அந்த எண்ணை மாற்றவில்லை. அதனால் 6,38,000இல் 3,38,000 ரூபாயை வருமானமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அதற்காக 6,38,000 முழுவதும் விலக்காகிவிடாது. 10(10AA) பிரிவின் கணக்கு, பணிக்கொடைக் கணக்கைவிட வேறானது. ஒரே தாளில் இரண்டு அளவுகோல்கள் இருப்பதால்தான் கணக்குப் பிரிவுகளே தடுமாறுகின்றன. பணிக்கொடைக்குக் கடைசி மாதச் சம்பளத்தை எடுத்தோம். விடுப்புக்கு, ஓய்வுக்கு முந்தைய பத்து மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். உங்கள் சீட்டுகளின்படி 2024 செப்டம்பர் முதல் 2025 மார்ச் வரை ஏழு மாதம் பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 46,000. ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு மூன்று மாதம் 50,000. மொத்தம் 4,72,000, மாதச் சராசரி 47,200 ரூபாய்.

இப்போது ஒப்பிட வேண்டியவை நான்கு. கைக்கு வந்தது 6,38,000. பத்து மாதச் சராசரிச் சம்பளம் 4,72,000. கணக்கில் நின்ற 290 நாளின் மதிப்பு, அதாவது 47,200 ÷ 30 × 290, 4,56,267. உச்சவரம்பு 25 லட்சம். குறைவானது 4,56,267, உங்கள் விலக்கு அதுவே. வரிக்கு உட்படுவது 1,81,733 ரூபாய். அலுவலகம் போட்ட 3,38,000 தவறு, நீங்கள் எதிர்பார்த்த பூஜ்யமும் தவறு.

290 நாளின் மதிப்பு 4,56,267தான் என்றால் 6,38,000 எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். தாளில் ஒரு நாளுக்கு 2,200 ரூபாய் என்று இருக்கிறது. அது வீட்டு வாடகைப் படி, பயணப் படி எல்லாம் சேர்ந்த 66,000 ரூபாய் மொத்தச் சம்பளத்தை 30ஆல் வகுத்தது. நிறுவனம் தாராளமாக மொத்தச் சம்பளத்தில் விடுப்பைக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. சட்டம் விலக்குக்கு பேசிக்கையும், பணி நிபந்தனைப்படி ஓய்வூதியப் பலன்களில் சேரும் பஞ்சப்படியையும் மட்டுமே சம்பளமாக ஏற்கிறது. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் விழும் வித்தியாசம்தான் உங்கள் 1,81,733.

இன்னொரு நிபந்தனையும் உண்டு, உங்களை அது தொடவில்லை. விலக்குக்கு எடுக்கும் விடுப்பு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாளுக்கு மேல் என்ற கணக்கில் சேர்ந்ததாக இருக்கக்கூடாது. உங்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 24 நாள்தான். ஆண்டுக்கு 40 நாள் தரும் நிறுவனத்தில் இருந்தவர் என்றால், அவர் கணக்கில் நிற்கும் நாட்களையே 30 வீதமாக மறுபடி கணக்கிட்டு, எடுத்த விடுப்பையும் ஏற்கெனவே சரண்டர் செய்ததையும் கழிக்க வேண்டும். சிலருக்கு அப்போது விலக்குக்கு நாளே மிஞ்சாது.

2014இல் நீங்கள் சரண்டர் செய்த 60 நாளுக்கு வரி பிடித்தது முறையே. பணியில் இருக்கும்போது விடுப்பைப் பணமாக்கினால் விலக்கு கிடையாது. அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஆனால் ஓய்வின்போது விலக்காகப் பெற்ற தொகை மட்டுமே வாழ்நாள் 25 லட்சத்தில் கழியும் என்பதால், அந்த சரண்டர் இப்போதைய விலக்கையும் குறைக்காது.

வரிக்கு உட்பட்ட வருமானம் வேறு, வரி வேறு

நான் மேலே சொன்ன மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாளின் கடைசியில் '80சி – 60,000' என்று ஒரு கழிவும், நிலைக் கழிவு 50,000 என்றும் இருக்கின்றன. இவை பழைய வரி முறையின் அடையாளங்கள். எல்ஐசி, பிஎஃப் என்று ஆண்டுதோறும் காட்டிய பழக்கத்தில், ஏப்ரல் மாதம் நீங்களே பழைய முறையைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த முறையில்தான் 65,607 பிடித்திருக்கிறார்கள். இதில் அலுவலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு உங்களுக்குச் சம்பளம் மூன்று மாதம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். முழு நிதியாண்டையும் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சம்பளம் 1,98,000. வரிக்கு உட்படும் பணிக்கொடை 3,26,923. வரிக்கு உட்படும் விடுப்புப் பணம் 1,81,733. ஜூலை முதல் மார்ச் வரை பிஎஃப் பென்ஷன் மாதம் 4,000 என்ற கணக்கில் 36,000. இதுவும் சம்பளத் தலைப்பில்தான் வரும். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி ஏறத்தாழ 60,000 என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 8,02,656 ரூபாய்.

பழைய முறையில் அலுவலகத்தின் விடுப்புத் தவறைத் திருத்தி, 50,000ஐயும் 60,000ஐயும் கழித்தாலும், செஸ் சேர்த்துச் சுமார் 53,000 ரூபாய் வரி நிற்கும். அதாவது அலுவலகத்தோடு சண்டை போட்டு ஜெயித்தால் உங்களுக்குத் திரும்ப வருவது ஏறத்தாழ 12,500 ரூபாய் மட்டுமே. புதிய முறையில் நிலைக் கழிவு 75,000. வருமானம் 7,27,656 என்றாகும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி வரி முழுவதையும் அழித்துவிடுகிறது. உங்கள் வரி பூஜ்யம். பிடித்த 65,607 முழுவதும், வங்கி வட்டியில் வரி பிடித்திருந்தால் அதுவும், திரும்ப வர வேண்டியவை.

ஏப்ரலில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்தது டிடிஎஸ் பிடிப்பதற்கு மட்டுமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கணக்கு தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. பணிக்கொடை, விடுப்பு விலக்குகள் புதிய முறையில் கிடைக்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு, வீட்டு வாடகைப் படி விலக்கு, 80சி போன்றவைதான் போகும், பணிக்கொடை, விடுப்பு விலக்குகள் இரு முறைகளிலும் உண்டு.

இதே சம்பளத்தோடு, வரிக்கு உட்படும் பணிக்கொடையும் விடுப்புப் பணமும் இதே அளவில் இருக்க, நீங்கள் இந்த நிதியாண்டு முடியும் மார்ச் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றிருந்தால் கதை மாறியிருக்கும். பன்னிரண்டு மாதச் சம்பளம் 7,92,000 ஆகி, வட்டியைச் சேர்க்காமலேயே கழிவு போக வருமானம் 12,25,000 ரூபாய்க்குச் சற்று மேலே போய், செஸ்ஸோடு சுமார் 26,700 ரூபாய் வரி வந்திருக்கும். உங்கள் ஷிப்டில் அப்படி ஓய்வு பெற்ற நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள். விலக்குக்கு மேல் வந்த பணிக்கொடை ஒரே ஆண்டில் குவிவதால் ஏறும் வரிக்கு 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. பதினைந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர், அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை முந்தைய மூன்று ஆண்டுகள் ஒவ்வொன்றின் வருமானத்திலும் சேர்த்தால் என்ன சராசரி வரி விகிதம் வந்திருக்கும் என்று பார்த்து, இந்த ஆண்டு விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நிவாரணமாகக் கேட்கலாம். அதற்குக் கணக்கு தாக்கலுக்கு முன்பே இணையத்தில் படிவம் 10E நிரப்பியாக வேண்டும். அதை மறந்து நிவாரணத்தை மட்டும் கேட்டவர்களுக்கு வரி பாக்கி என்று கடிதம் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு வரியே இல்லாததால் இந்தப் படிவம் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியது

உங்கள் அலுவலகம் ஆண்டு முடிந்ததும் படிவம் 16 தரும். அதன் இரண்டாம் பகுதியில் 10(10), 10(10AA) என்ற வரிகளுக்கு நேராக உள்ள தொகைகளைப் பாருங்கள். முதலாவதில் 9,80,769 இருக்கும். இரண்டாவதில் 3,00,000 என்றே இருந்தால், பத்து மாதச் சராசரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி, 4,56,267 என்று திருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சண்டையாக இல்லாமல், 2023 ஏப்ரல் 1 முதல் வரம்பு மாறியதை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும். உங்களுக்குப் பின் ஓய்வு பெறுபவர்களுக்கும் அது உதவும்.

அவர்கள் திருத்தாவிட்டாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்குப் படிவத்தில் முன்கூட்டியே நிரம்பி வரும் எண் அலுவலகத்தின் எண்தான்; சம்பளப் பகுதியில் 10(10AA) என்ற வரியில் சரியான தொகையை நீங்களே மாற்றி எழுதலாம். ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: உங்கள் வருமானம் 12 லட்சத்துக்கு வெகு கீழே என்பதால், 3 லட்சம் என்றே விட்டாலும் இந்த ஆண்டு வரி பூஜ்யம்தான். ஆனாலும் சரியான எண்ணையே எழுதுங்கள் என்பது என் கருத்து. பின்னால் வேறு வேலைக்குச் சேர்ந்து அங்கிருந்தும் விடுப்புப் பணம் வாங்கினால், எவ்வளவு விலக்கு ஏற்கெனவே எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அப்போது படிவத்தில் உள்ளதும் கணக்கில் உள்ளதும் ஒன்றாக இருப்பது நல்லது.

விலக்குத் தொகைகளையே காட்டாமல், வருமானத்தை மட்டும் எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மொத்தச் சம்பளத்தில் 13,07,692ஐயும் 6,38,000ஐயும் முழுதாகக் காட்டி, பிறகு விலக்கைக் கழிக்க வேண்டும். அலுவலகம் டிடிஎஸ் கணக்கில் காட்டிய தொகையும் உங்கள் தொகையும் பொருந்தாவிட்டால் பணம் திரும்ப வருவது தாமதமாகும்.

2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டமோ, 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சம்பளத்துக்குத் தந்திருக்கும் புதிய வரையறையோ உங்கள் கணக்கைத் தொடாது; நீங்கள் ஜூன் மாதமே வெளியே வந்துவிட்டீர்கள். உங்களுக்குப் பின் ஓய்வு பெறும் தோழர்கள் இந்தக் கட்டுரையின் எண்களைத் தங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அலுவலகத்திலிருந்து இப்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுவாரியாகச் சேர்ந்தது, எடுத்தது, சரண்டர் செய்தது, மீதி 290 என்று காட்டும் உங்கள் விடுப்புப் பதிவேட்டின் கையெழுத்திட்ட நகல். வரித்துறையிலிருந்து கேள்வி வந்தால் அந்த 290ஐ நிரூபிக்க வேறு தாள் கிடையாது. நேரக் காப்பாளர் மாறி, பழைய பதிவேடுகள் கிடங்குக்குப் போய்விட்டால், பிறகு அதைத் தேடித்தர ஆள் இருக்காது.